திரும்பி வரச் சொல்லும் கடிதத்தில் வெளியேற்றும் வாக்கியம் எதற்கு?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். இயந்திரப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்பவர் ஒருவர், ஜூலை 10, 11 தேதிகளுக்கு விடுப்பு வாங்கிக்கொண்டு போனார். 12-ஆம் தேதி வந்திருக்க வேண்டும். இரண்டு வாரமாகியும் ஆளும் இல்லை, தகவலும் இல்லை. கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. ‘தொடர்ந்து பத்து நாள் தகவலின்றி வராதவர் தாமாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார்’ என்று எங்கள் நியமன ஆணையில் ஒரு விதி இருக்கிறது. அதை வைத்து, ‘இக்கடிதம் கண்ட 48 மணி நேரத்துக்குள் பணிக்கு வராவிட்டால் தாங்கள் ராஜினாமா செய்ததாகக் கொண்டு பெயர் நீக்கப்படும்’ என்று எழுதச் சொல்கிறார் எங்கள் முதலாளி. இப்படி எழுதலாமா? எத்தனை நாள் கெடு கொடுப்பது சரி?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அப்படி எழுத வேண்டாம். உங்கள் முதலாளியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு இயந்திரத்துக்கு ஆள் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டுவது எளிதில்லை. ஆனால் அந்த ஒரே வாக்கியம் இரண்டு வேலைகளைச் செய்யப் பார்க்கிறது. ஒருவரை வேலைக்கு வரச் சொல்கிறது, அதே மூச்சில் அவரை வெளியேற்றியும் விடுகிறது. பின்னாளில் இந்தக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரியோ நீதிபதியோ முதல் பாதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். நிறுவனம் முன்பே முடிவெடுத்துவிட்டு ஒப்புக்குக் கடிதம் அனுப்பியது என்றுதான் நினைப்பார்.

நீங்கள் குறிப்பிடும் பத்து நாள் விதியைப் பல நிறுவனங்கள் தானே இயங்கும் விதி என்று நம்புகின்றன. இந்தியாவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் டி.கே. யாதவ் என்ற தொழிலாளியின் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் கதை உங்களுடையதைப் போன்றதே. எட்டு நாளுக்கு மேல் அனுமதியின்றி வராதவர் வேலையில் தமக்குள்ள உரிமையை இழப்பார் என்று அந்தத் தொழிற்சாலையின் பணி விதித் தொகுப்பான நிலையாணை சொன்னது. 1980 டிசம்பர் தொடக்கத்திலிருந்து யாதவ் வரவில்லை என்று காட்டி, அதே மாதத்தில் ஒரு கடிதத்தின் மூலம் அவருடைய வேலையை நிர்வாகம் முடித்துவிட்டது. தாம் வந்ததாகவும், வாசலிலேயே தடுக்கப்பட்டதாகவும், பதிவேட்டில் கையெழுத்திட விடவில்லை என்றும் அவர் சொன்னார். விசாரணையும் இல்லை, விளக்கம் தர வாய்ப்பும் இல்லை என்பதால் நீக்கம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைத் திரும்பப் பணியில் சேர்க்கவும், இடைப்பட்ட காலத்துக்குப் பாதி ஊதியம் கொடுக்கவும் உத்தரவிட்டது. இடைப்பட்ட காலம் என்றால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். ஒரு நல்ல கடிதமும் சில வாரப் பொறுமையும் தவிர்த்திருக்கக்கூடிய செலவு அது.

வேலையை விட்டுவிட்டார் என்று சொல்ல, அவர் வரவில்லை என்பது மட்டும் போதாது. விட்டுவிடும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று தெரிய வேண்டும். மனத்தில் உள்ள எண்ணத்தை நாம் நேரே பார்க்க முடியாது. கூப்பிட்டோம், உரிய நேரம் கொடுத்தோம், வழி திறந்தே இருந்தது, அப்படியும் அவர் வரவுமில்லை, பதில் சொல்லவுமில்லை என்பதை வைத்துத்தான் அதை ஊகிக்க முடியும். நீங்கள் எழுதப்போகும் கடிதம் அந்த ஊகத்துக்கு அடித்தளம். அவர் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால், அதே கடிதம் அவருடைய வேலையைக் காப்பாற்றும். இரண்டில் எது நடந்தாலும் எழுத வேண்டிய கடிதம் ஒன்றுதான்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. தகவல் இல்லை என்று எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகத்துக்கு வராத தகவல் பலமுறை மேற்பார்வையாளரின் கைப்பேசியில் கிடக்கும். ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வர நாளாகும்’ என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அது வெளிவந்த நாளில், ‘எவ்விதத் தகவலும் இல்லை’ என்று நீங்கள் எழுதிய கடிதம் பொய்க்கடிதமாகிவிடும். அவருடைய பிரிவில் இருப்பவர்களையும், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரையும், அதே பேருந்தில் வருபவரையும் கேளுங்கள். அவசரத் தொடர்புக்கு அவர் கொடுத்த எண்ணை அழையுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த எண், யார் எடுத்தார், என்ன சொன்னார் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அழைக்கும்போது குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். ஆறு ஆண்டு வேலை செய்த மனிதர் திடீரென்று காணாமல் போனால், நலமா என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

இனி கடிதம். ஜூலை 25, வெள்ளிக்கிழமை அனுப்புவதாக வைத்துக்கொண்டு எழுதித் தருகிறேன். உங்கள் பதிவுகளுக்கு ஏற்பத் தேதிகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள்: 25.07.2025

பெறுநர்: (பெயர், பணியாளர் எண், பிரிவு, முகவரி)

பொருள்: 12.07.2025 முதல் பணிக்கு வராதது – 05.08.2025 அன்று பணிக்குத் திரும்பக் கோருதல்

ஐயா,

தாங்கள் 10.07.2025, 11.07.2025 ஆகிய இரு நாள்களுக்குக் கோரிய விடுப்பு அனுமதிக்கப்பட்டது. 12.07.2025 அன்று தாங்கள் பணிக்கு வந்திருக்க வேண்டும். அன்று முதல் இக்கடித நாள் வரை தாங்கள் பணிக்கு வரவில்லை. விடுப்பை நீட்டிக்கக் கோரும் விண்ணப்பமோ வேறு தகவலோ தங்களிடமிருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை. 14.07.2025, 17.07.2025, 21.07.2025 ஆகிய நாள்களில் தங்கள் கைப்பேசிக்கு அழைத்தும் தொடர்பு கிடைக்கவில்லை.

தாங்கள் 05.08.2025 செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குள் நிர்வாக அலுவலரிடம் நேரில் வந்து, பணியில் சேருமாறு கேட்டுக்கொள்கிறோம். வராத நாள்களுக்கான காரணத்தை எழுத்தில் தரவும். ஆதாரங்கள் இருப்பின் இணைக்கவும்.

உடல்நலக் குறைவாலோ வேறு தவிர்க்க முடியாத காரணத்தாலோ அன்று வர இயலாவிட்டால், அக்காரணத்தையும் எப்போது வர இயலும் என்பதையும் அதே நாளுக்குள் கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் மூலம் தெரிவிக்கவும். தங்கள் சார்பில் குடும்பத்தினர் தெரிவித்தாலும் ஏற்றுக்கொள்வோம்.

தாங்கள் பணிக்குத் திரும்பாமலும் விளக்கம் தராமலும் இருந்தால், அனுமதியின்றிப் பணிக்கு வராதது குறித்து நிறுவன விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை தொடங்க நேரிடும்.

(கையெழுத்து, பதவி, தொலைபேசி எண், மின்னஞ்சல்)

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அவருடைய பழைய தாமதங்கள், போன ஆண்டு கொடுத்த எச்சரிக்கை, உற்பத்தி நட்டம் எதையும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றைச் சேர்த்தால் இது குற்றச்சாட்டுக் குறிப்பாணையாகிவிடும். அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

‘வேண்டுமென்றே வரவில்லை’ என்ற சொல்லை நான் எழுதாததைக் கவனியுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்கும் கடிதத்திலேயே அதற்கான விடையை நாம் எழுதிவிடக் கூடாது. கிருஷ்ணகாந்த் பார்மர் என்ற அரசு ஊழியரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது. மருத்துவமனை, விபத்து, நோய் என்று மனிதரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் ஒருவர் வராமல் இருந்தால், அனுமதி இல்லை என்பதற்காக மட்டும் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ள முடியாது. வேண்டுமென்றே செய்தார் என்பதை விசாரணையில் நிரூபிக்க வேண்டும் என்றது. எனவே, நடந்ததை மட்டும் எழுதுங்கள். பதிவேட்டில் கையெழுத்து இல்லை, விண்ணப்பம் வரவில்லை, அழைத்தும் தொடர்பு கிடைக்கவில்லை. இந்த மூன்றையும் யாரும் மறுக்க முடியாது.

‘தங்களிடமிருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருப்பதும் யோசித்துத்தான். அவர் தகவலே அனுப்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் தெரியும்.

கெடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ‘கடிதம் கண்ட 48 மணி நேரம்’ என்பதில் நேரம் குறைவு என்பதைவிடப் பெரிய குறை, அந்த நேரம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல் போவது. தபால்காரர் கொடுத்த நாளா, வீட்டில் வேறு யாரோ வாங்கி வைத்த நாளா, அவர் ஊரிலிருந்து வந்து பிரித்துப் பார்த்த நாளா? ஒரு தேதியையும் மணியையும் எழுதிவிட்டால் இந்தச் சண்டையே வராது. அந்தத் தேதியைக் கண்டுபிடிக்கத் தபாலிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வெள்ளியன்று அனுப்பிய கடிதம் திங்கள் முதல் புதனுக்குள் அவர் வீட்டை அடையும் என்று வைத்துக்கொள்வோம். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் இன்னொரு முறை வருவார். கையில் கிடைத்த பிறகு, வெளியூரிலிருந்து திரும்பவோ மருத்துவரிடம் சான்று வாங்கவோ நான்கைந்து நாளாவது வேண்டும். அதனால்தான் ஆகஸ்ட் 5. கடித நாளிலிருந்து 11 நாள். அவர் வீடு தொலைவில் இருந்தாலோ வேறு மாநிலத்தவர் என்றாலோ பதினைந்து நாள் கொடுங்கள். உங்கள் நிறுவன விதியோ நிலையாணையோ இதைவிட நீண்ட காலத்தைச் சொன்னால் அதையே கொடுக்க வேண்டும். குறித்த நாள் விடுமுறையாக இருக்கக் கூடாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன்.

அனுப்பும் முறையில் கடிதத்துக்கு எடுத்துக்கொண்ட அதே கவனம் வேண்டும். பணிக்குச் சேர்ந்தபோது கொடுத்த முகவரி, பின்னர் மாற்றிக் கொடுத்த முகவரி, சொந்த ஊர் முகவரி என்று பதிவேட்டில் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். சேர்ப்பித்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபால் சேவையாக இருக்கட்டும். அதே நாளில் கையெழுத்திட்ட கடிதத்தைப் படம் எடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். தபாலுக்கு மாற்றாக அல்லாமல், அதனுடன் சேர்த்து. ஊழியர் குழுவில் போடாதீர்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். அவர் மருத்துவமனையில் இருந்து திரும்பி வந்தால், உடன் வேலை செய்பவர்களின் முகத்தை அவர் பார்க்க வேண்டும் அல்லவா?

தபால் உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். அப்படியே கோப்பில் வையுங்கள். உறை மேல் தபால்காரர் எழுதும் குறிப்பு முக்கியமான சான்று. ‘வாங்க மறுத்தார்’ என்று இருந்தால், கடிதம் அவரிடம் சேர்ந்ததாகவே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். 2000-இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த சிண்டிகேட் வங்கி வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. நீண்ட நாள் வராத ஊழியருக்கு, முப்பது நாளுக்குள் பணிக்குத் திரும்பச் சொல்லி வங்கி பதிவுத் தபால் அனுப்பியது. அது மறுக்கப்பட்டுத் திரும்பியது. உரிய வாய்ப்பு கொடுக்கப்பட்டது என்று சொல்லி, வங்கியின் நடவடிக்கையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. யாதவ் வழக்கில் தோற்ற நிர்வாகத்துக்கும் இங்கே வென்ற வங்கிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில், இந்த அழைப்புக் கடிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ‘வீடு பூட்டியிருக்கிறது’ அல்லது ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று வந்தால் கதை வேறு. அங்கே அவர் இல்லை என்றுதான் தெரிகிறது. அழைப்பு சேர்ந்ததா என்று தெரியவில்லை. மற்ற முகவரிகளையும், அவசரத் தொடர்பு எண்ணையும் மீண்டும் முயல வேண்டும். ஒருவரை நேரில் அனுப்பிக் கேட்டுவரச் சொல்வதும் நல்லது.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் பார்த்துவிட்டு அவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 5-க்கு முன்பே, ஜூலை 31 காலை ஆறு மணிக்கு முதல் பணிமுறைக்கு வருகிறார். வாசலில் காவலாளி, ‘உன்னை உள்ளே விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அலுவலகம் திறந்ததும் வா’ என்கிறார். அவர் போய்விடுகிறார், பிறகு வருவதில்லை. அந்த ஒரு நிமிடத்தோடு உங்கள் கடிதத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். நான் வந்தேன், விடவில்லை என்று அவர் சொன்னால், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. கடிதம் அனுப்பும் அன்றே காவலாளிகள், மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும் எழுத்தில் சொல்லுங்கள்: இவர் எப்போது வந்தாலும் உள்ளே விட்டு, உட்கார வைத்து, எனக்குத் தகவல் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டிலிருந்தும் விரல்ரேகைக் கருவியிலிருந்தும் அவர் பெயரை இப்போது எடுக்காதீர்கள். கருவி அவரை ஏற்காமல் போனால், அதுவும் வாசலை அடைத்ததற்குச் சமம்தான்.

வந்தவரிடம் வந்த நாளும் நேரமும் குறித்த ஒரு சேர்க்கைக் கடிதத்தையும், வராததற்கான விளக்கத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அன்றே வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் சேர்த்த பிறகு எடுக்கலாம். பலர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். முதலில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, அல்லது ராஜினாமா எழுதிக் கொடு, பிறகு சேர்க்கிறோம் என்று நிபந்தனை போடுகிறார்கள். திரும்பி வரச் சொன்னது நாம்தான். வந்தவருக்கு நிபந்தனை போட்டால் அழைப்பு பொய்யாகிறது. அவர் ஆகஸ்ட் 7-இல், இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் இதே முறைதான். தாமதத்துக்கும் சேர்த்து விளக்கம் கேளுங்கள். மருத்துவச் சான்று கொண்டுவந்தால், அதன் மேல் சந்தேகம் இருந்தாலும் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, உரிய முறையில் சரிபாருங்கள். வாசலிலேயே போலி என்று சொல்லிக் கிழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆகஸ்ட் 5 கடந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு இரண்டாவது ஒன்றை அனுப்புங்கள். அதில் புதிய தேதி இருக்கட்டும், சொற்கள் சற்று உறுதியாக இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கு விளக்கம் தர நேரம், பிறகு உள்விசாரணை. அவர் வராவிட்டால் அவர் இல்லாமலேயே விசாரணையை நடத்தலாம். ஆனால் விசாரணை நாளை அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும், பதிவேட்டையும் தபால் சான்றுகளையும் விசாரணை அதிகாரி முன் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு வரும்போது உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் சட்டத்தையும் நிலையாணையையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் அளவையும் அவருடைய பதவியையும் பொறுத்து விதிகள் மாறும்.

அதுவரை சம்பளத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, முதலாளி கேட்பார். ஜூலை 12 முதல் வராத நாள்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆனால் ஜூலை 1 முதல் 9 வரை அவர் வேலை செய்த நாள்களின் கூலியும், அனுமதித்த விடுப்பு ஊதியம் உள்ள விடுப்பாக இருந்தால் அந்த இரண்டு நாள் பணமும் அவருடையவை. வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி வைக்காமல், மற்றவர்களுக்குச் சம்பளம் போகும் அதே நாளில் அவருடைய வங்கிக் கணக்கிலும் செலுத்திவிடுங்கள்.